தட்டில் உள்ளதற்கு என்ன பெயர்?

சமைத்த உணவைப் படம் பிடித்துப் பெயர் எழுதி விற்கும் காலம் இது. சிறு கடை வைத்திருக்கும் சகோதரிகளும், வீட்டிலிருந்தே சாப்பாட்டு ஓடர் எடுப்பவர்களும், வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பவர்களும் ஒரு தட்டைப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டுகிறார்கள், அல்லது தொலைபேசியில் அனுப்புகிறார்கள். படத்தில் மணமும் இல்லை, ருசியும் இல்லை. எனவே அதன் கீழ் எழுதப்படும் பெயரை நம்பித்தான் வாங்குபவர் காசு கொடுக்கிறார். பெயர் பிழைத்தால், நல்ல உணவும் “நான் கேட்டது இதுவல்ல” என்று திரும்பி வரும்.

நான் வேலை செய்யும் எல்லப் பகுதியில் இதை நாளாந்தம் காண்கிறேன். தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டார் இங்கே தங்கிச் சாப்பிடுகிறார்கள். சமையலறைகளில் நிற்பவர்களில் பலர் அயலிலுள்ள தோட்டங்களிலிருந்தும் சிங்களக் கிராமங்களிலிருந்தும் வரும் பெண்கள். ஒரு விடுதியின் படப் பலகையில், தேங்காய்ப்பூ போட்டு அடுப்பில் வாட்டிய பொன்னாங்காணிக்கு “கிறீன் சலட்” என்று எழுதியிருந்தது. சலட் என்றால் குளிர்ந்த பச்சை இலையை எதிர்பார்ப்பவருக்குச் சூடான கீரை வருகிறது. சமைத்தவரின் கையில் குறை இல்லை. குறை பெயரில்தான்.

சில காலத்துக்கு முன் கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து பெண்கள் குழுவொன்று எங்கள் பகுதிக்கு அனுபவப் பகிர்வுக்காக வந்திருந்தது. போரில் கணவனை, பிள்ளையை, வீட்டை இழந்தவர்கள் அதில் இருந்தார்கள். எல்லோருமே இப்போது ஏதோவொரு வகையில் உணவு விற்று வாழ்பவர்கள். எங்கள் பக்கத்திலிருந்து தோட்டப் பெண்களும், அயல் கிராமத்துச் சிங்களப் பெண்கள் மூவரும் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் தமது வீட்டில் எடுத்த ஒரு தட்டின் படத்தைக் கொண்டுவர வேண்டும். யாருடைய படம் என்று சொல்லாமல், அதற்கு மற்றவர்கள் பெயர் வைக்க வேண்டும். அன்றைய பயிற்சி அவ்வளவுதான்.

முதல் சில படங்களிலேயே ஒரு விடயம் வெளித்தது. எல்லோரும் முதலில் பொருளைத்தான் சொன்னார்கள். “இது முருங்கையிலை”, “இது கோவா” என்றார்கள். ஆனால் பொருள் உணவின் பெயர் அல்ல. ஒரே இலையும் ஒரே தேங்காய்ப்பூவும் நாலு வகையாகச் சமைக்கப்பட்டால் நாலு பெயர். அதனால் மூன்று கேள்விகளை இந்த ஒழுங்கில் கரும்பலகையில் எழுதினேன். தட்டில் என்ன இருக்கிறது? அது எப்படிச் சமைந்தது? அப்படிச் சமைப்பது எந்த ஊர்க் கை? இவற்றில் பெயரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான்.

கீரையையே எடுத்துப் பார்ப்போம். எமது நாட்டில் கீரையும் தேங்காய்ப்பூவும் சேர்ந்த உணவு இல்லாத வீடு குறைவு.

வல்லாரையை மெல்லிதாக அரிந்து, அடுப்பில் வைக்காமல், தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்தால் அது சம்பல். நெருப்புப் படாததால் இலை பச்சைப்பசேலென்று விறைப்பாக நிற்கும். புளி விட்டு நேரம் செல்லச் செல்லத்தான் நிறம் மங்கும்.

அதே இலையை எண்ணெய் விடாமல், சட்டியில் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்து, மஞ்சளும் பச்சைமிளகாயும் சேர்த்து இடித்த தேங்காய்ப்பூவுடன் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கிளறி இறக்கினால் அது எமது சிங்களச் சகோதரிகளின் மல்லுங். தேசிக்காயை இறக்கிய பிறகுதான் பிழிவார்கள். மூடி போடமாட்டார்கள். மூடினால் இலை மங்கிப்போகும். சில வீடுகளில் கடுகும் சேரும், ஆனால் அது அரைத்துச் சேர்வதால் கண்ணுக்குத் தெரியாது.

வடக்கில் வறை என்பது வேறு. இலையையோ காயையோ, சுறாவையோகூட, முதலில் அவித்து அல்லது வதக்கித் தண்ணீர் வற்றச் செய்து, மஞ்சள் சேர்ந்த தேங்காய்ப்பூவைப் போட்டு உதிரி உதிரியாக வறட்டி எடுப்பார்கள். கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை, சில வீடுகளில் பெருஞ்சீரகமும் தாளிதத்தில் சேரும். ஈரம் இருக்கக் கூடாது என்பதுதான் வறையின் சட்டம். பெயரிலேயே அது இருக்கிறது.

நாலாவது, எங்கள் தோட்ட வீடுகளில் பலவற்றில் காணும் முறை. தமிழ்நாட்டிலிருந்து பாட்டன் பூட்டன் காலத்தில் வந்த கை அது. முதலில் எண்ணெய் காய வேண்டும். கடுகு வெடிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு அதில் பொன்னிறமாகச் சிவக்க வேண்டும். பிறகு கிள்ளிய மிளகாயும் வெங்காயமும். அதன் பின்னரே கீரை அந்த எண்ணெயில் விழும். தேங்காய்ப்பூ கடைசியில், இறக்கும் தறுவாயில் தூவப்படும். இதைத்தான் அந்த வீடுகளில் கீரைப் பொரியல் என்கிறார்கள். ஆனால் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ பொரியல் என்றால் கத்தரிக்காயையோ மீனையோ கொதிக்கும் எண்ணெயில் போட்டு மொறுமொறுவென்று எடுப்பது. ஒரே சொல், இரண்டு சமையல். சுண்டல் என்ற சொல்லும் அப்படித்தான். எமது நாட்டில் கீரையையும் கோவாவையும் சுண்டுவோம். தமிழ்நாட்டில் சுண்டல் என்றால் கடலையோ பயறோதான் வரும்.

சமைத்து முடிந்த பின் எடுத்த படத்தில் சமையல் முறையை எப்படிக் காண்பது? ஒவ்வொரு முறையும் தட்டில் தன் அடையாளத்தை விட்டே போகிறது. தண்ணீரில் வாடிய கீரையைச் சுற்றி, தட்டின் ஓரத்தில் பச்சை நீர் மெல்லிய வளையமாகக் கசிந்திருக்கும். எண்ணெயில் வதங்கிய கீரையில் நீர் கசியாது. இலைகளின் முதுகிலும் தேங்காய்ப்பூவின் நுனியிலும் சின்னச் சின்னப் பளபளப்பு இருக்கும். கடைசியில் தூவிய தேங்காய்ப்பூ வெள்ளையாகவே தனித்துத் தெரியும். மஞ்சளோடு கிளறிய தேங்காய்ப்பூ முழுவதும் ஒரே மஞ்சளாக இருக்கும். வறட்டியதில் இலையும் தேங்காய்ப்பூவும் ஒட்டிக்கொள்ளாமல் மணல்போல் உதிர்ந்து கிடக்கும்.

படம் ஏமாற்றும் இடங்களும் உண்டு. மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில் எடுத்தால் வெள்ளைத் தேங்காய்ப்பூவும் மஞ்சளாகிவிடும். அப்போது பக்கத்திலுள்ள சோற்றையோ தட்டின் விளிம்பையோ பாருங்கள். அவையும் மஞ்சளாகத் தெரிந்தால் அது விளக்கின் நிறம், மஞ்சள்தூளின் நிறம் அல்ல. பிளாஷ் வெளிச்சம் பட்டால் தண்ணீரும் எண்ணெய்போல் மின்னும். அங்கே ஓரத்து நீர் வளையம்தான் கைகொடுக்கும். பகல் வெளிச்சத்தில், யன்னல் ஓரத்தில் வைத்து, பளிச்சிடாமல் எடுத்த படம்தான் நம்பத்தக்கது.

இனி ஏழாவது படத்துக்கு வருகிறேன். அன்று அதிக நேரம் எடுத்தது அதுதான்.

ஒரு பீங்கான் தட்டு. இரண்டு தேங்காய் ரொட்டி, கல்லில் சுட்ட பழுப்புப் புள்ளிகளுடன். பக்கத்தில் சிவந்த சம்பல். மறுபக்கம் ஒரு கை அளவு கீரை. “ரொட்டியைப் பார்த்தாலே தெரியுது, இது தோட்டத்து வீடு” என்றார் எங்கள் பக்கத்து அக்கா ஒருவர். ரொட்டியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்த ரொட்டி இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கீரையைப் பார்த்தோம்.

முதல் கேள்வி, என்ன இருக்கிறது. சிறிய நீள்வட்ட இலைகள், காம்பில்லாமல் உருவியவை. முருங்கை என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. உடனே கிளிநொச்சிப் பக்கம் சாய்ந்தது பேச்சு. முருங்கை வெப்பமான வறண்ட மண்ணின் மரம். எல்ல போன்ற குளிர்ந்த உயரத்தில் அது செழிப்பதில்லை. கீழே வெல்லவாயப் பக்கம் இறங்கினால்தான் நன்றாகக் காணலாம். ஆகவே இலை வன்னியினுடையதாக இருக்கலாம். “அப்ப இது வறை” என்றார்கள் வன்னிச் சகோதரிகள்.

இரண்டாவது கேள்வி, எப்படிச் சமைந்தது. தட்டின் ஓரத்தில் நீர் வளையம் இல்லை. இலை கரும்பச்சையாக, நுனிகளில் பளபளப்புடன் இருந்தது. ஆகவே மல்லுங் இல்லை. இதைக் கிராமத்துச் சிங்களச் சகோதரிகளே முதலில் சொன்னார்கள். தேங்காய்ப்பூ வெள்ளையாக மேலே கிடந்தது, மஞ்சள் ஏறவில்லை. சோதித்துப் பார்க்கச் சம்பலுக்குப் பக்கத்தில் தெரிந்த தட்டின் விளிம்பைப் பார்த்தோம். அது நல்ல வெள்ளை. வெளிச்சத்தில் பிழை இல்லை. இலைகளும் உதிரியாக இல்லாமல் ஒன்றோடொன்று சற்று ஒட்டிக் கிடந்தன. வறட்டிய உணவு இப்படி இருக்காது. பிறகு படத்தைப் பெரிதாக்கினோம். கறுத்த உருண்டைகள், கடுகு. அவற்றுக்கிடையே பொன்னிறத்தில் சிறிய அரைவட்டத் துண்டுகள்.

“உளுத்தம்பருப்பு!” என்று இரண்டு மூன்று குரல் ஒன்றாக எழுந்தது, எங்கள் பக்கத்திலிருந்து.

மூன்றாவது கேள்வி, எந்த ஊர்க் கை. உளுத்தம்பருப்பை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. வடக்கிலும் சட்னிக்கும் வேறு சிலவற்றுக்கும் உளுந்து தாளிக்கும் வீடுகள் உண்டு. ஓர் அடையாளம் தற்செயலாக அமையும். இங்கே மூன்று ஒன்றுசேர்ந்தன. எண்ணெயில் முதலில் சிவந்த உளுந்து, அந்த எண்ணெயிலேயே வதங்கிய இலை, கடைசியில் மஞ்சளில்லாமல் தூவிய தேங்காய்ப்பூ. இந்த ஒழுங்கு மலையகத் தமிழ் வீட்டின் ஒழுங்கு. எங்கள் பெண்கள் ஒரே முடிவாகச் சொன்னார்கள்: “இது முருங்கைக்கீரைப் பொரியல். நம்ம பக்கத்து ஆள் சமைச்சது.”

இலை சமவெளியினது, கை மலையினது. இரண்டும் ஒரே தட்டில் எப்படிச் சேர்ந்தன?

படத்தைக் கொண்டுவந்தவள் கிளிநொச்சிக் குழுவில் கடைசி வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி. கடையில் காலைச் சாப்பாடு விற்பவள். “மிஸ், அது எங்கட அம்மா சமைச்சது” என்றாள். கடையில் அதை முருங்கையிலை வறை என்றுதான் விற்கிறாளாம். வாங்கும் சிலர், “வறையெண்டு சொல்லிப்போட்டு உளுந்து போட்டிருக்கிறியள்” என்று குறை சொல்வார்களாம். வறை எதிர்பார்த்தவர்களுக்கு அது பழுதான வறை. அவள் உளுந்தை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டில அம்மா இதுக்கு என்ன பெயர் சொல்லுவா?” என்று கேட்டேன். அவள் சற்றுத் தயங்கி, “வெளியில வறை எண்டுவா” என்றாள். வீட்டில் என்ன சொல்வார் என்பதற்குப் பதில் வரவில்லை. பிறகு தாய்க்கே தொலைபேசி எடுத்தாள். எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “யாரு கேக்குறாங்க?” என்றது குரல். எல்லயில் இருந்து கேட்கிறோம், பதுளை மாவட்டத்துப் பெண்கள் கேட்கிறோம் என்று மகள் சொன்னாள். “கீரைப் பொரியல்னு தானே சொல்லுவோம்” என்றார் அந்த அம்மா. பிறகு எங்கள் அக்காமார் ஒவ்வொருவராகத் தொலைபேசியை வாங்கி எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பசறைப் பக்கத்துத் தோட்டம். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது லயத்தைவிட்டு ஓடியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது.

நான் சமூகவியல் படித்த காலத்தில் இந்த இடப்பெயர்வைப் பாடமாகப் படித்திருக்கிறேன். 1977இலும் 1983இலும் மலையகத்தில் தாக்கப்பட்ட குடும்பங்கள் பல, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. காந்தியம் போன்ற அமைப்புகள் அந்தக் குடியேற்றங்களுக்கு உதவின. பாதுகாப்பென்று நம்பிப் போன அந்த மண்ணிலேயே பிறகு போரும் வந்தது. 2009இல் மற்றவர்களோடு அவர்களும் ஓடினார்கள், மெனிக் பாம் முகாமிலும் இருந்தார்கள். போன இடத்தில் “தோட்டக்காட்டான்” என்ற ஏளனச் சொல்லையும் பலர் கேட்க நேர்ந்தது. அந்தச் சொல்லுக்கு அஞ்சிப் பேச்சை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. இந்த அம்மா உணவின் பெயரை மாற்றிக்கொண்டார். ஆனால் தாளிக்கும் ஒழுங்கை மாற்றவில்லை. தோட்டத்துப் பத்திரம், படம் எதுவும் அவரிடம் மிஞ்சவில்லை என்றாள் மகள். எண்ணெயில் உளுந்து முதலில் சிவக்க வேண்டும் என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதிலிருந்து, தட்டைப் பார்த்து ஆளின் பிறப்பைச் சொல்லிவிடலாம் என்று ஒருவரும் எண்ணக் கூடாது. மலையகப் பெண் வறை செய்வாள். யாழ்ப்பாணப் பெண் மல்லுங் செய்வாள். எங்கள் சிங்களச் சகோதரி ஒருவர் தோட்டத்துத் தோழியிடம் பழகிப் பொரியல் செய்கிறார். படம் சொல்வது ஒரு கை எங்கே பழகியது என்பதை மட்டும்தான். அதன் பின் ஏன் என்பதைச் சமைத்தவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

படத்தில் அறவே தெரியாத ஒன்றும் உண்டு. அது மாசி. சம்பலிலும் மல்லுங்கிலும் இடித்த மாசிக் கருவாடு சேர்ப்பது இங்கே சாதாரணம். தூளாகச் சேர்ந்தால் வறுபட்ட தேங்காய்ப்பூவுக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. மரக்கறி மட்டும் உண்பவரும், கடலுணவு ஒத்துக்கொள்ளாதவரும் படத்தில் பச்சை இலையைப் பார்த்து நம்பி உண்பார்கள். ஒத்துக்கொள்ளாதவருக்கு அது ஆபத்தாகவும் முடியும். ஆகவே மாசி உண்டா இல்லையா என்பதைச் சமைத்தவர்தான் எழுத்தில் சொல்ல வேண்டும். என்ன எண்ணெய் என்பதும் அப்படியே.

கடைசியில் அந்தத் தங்கச்சியின் படத்துக்குப் பெயர் எழுதும் வேளை வந்தது. வறை என்றே விடட்டும், அதுதான் அங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர், விற்பனைக்கு நல்லது என்றார் அவளுடைய குழுவிலேயே ஒருவர். அதில் நியாயம் இருக்கிறது. பொரியல் என்று மட்டும் எழுதினால் கிளிநொச்சியில் மொறுமொறுப்பான ஒன்றை எதிர்பார்ப்பார்கள், அதுவும் ஏமாற்றமே. இன்னொருவர் உளுந்தை விட்டுவிட்டு, மஞ்சள் சேர்த்து, உண்மையான வறையே செய்யட்டும் என்றார். அதுவும் ஒரு வழிதான். முடிவு அவளுடையது, அவள் தாயினுடையது. நான் சொன்னது ஒன்றுதான்: எந்தப் பெயரை வைத்தாலும் அதன் கீழ் ஒரு வரியில் செய்முறையை எழுதுங்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும். செய்முறை மாறாது. வாங்குபவர் அதைப் படித்து எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வார்.

அவள் அன்றிரவே தாயுடன் பேசினாள். அடுத்த மாதம் கடைப் பலகையின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். அதே தட்டுத்தான், ஆனால் பகல் வெளிச்சத்தில் புதிதாக எடுத்தது. உளுந்து தெளிவாகத் தெரிந்தது. கீழே இரண்டு வரிகள்:

“மலைநாட்டு முருங்கைக்கீரைப் பொரியல்.
கடுகு, உளுந்து தாளித்து வதக்கியது. மேலே தேங்காய்ப்பூ. மாசி இல்லை.”

முதல் சொல்லைச் சேர்க்கச் சொன்னது யார் என்று கேட்டு எழுதினேன். அம்மாதான் என்று பதில் வந்தது.